பாடநூலில் பெண்கள் எத்தனை பேர்? எதை எண்ணுகிறோம் என்பதுதான் முதல் கேள்வி

1972இல் லெனோர் வைட்ஸ்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவின் கால்டெகாட் விருதையும் அதற்கு அடுத்த இடத்தையும் பெற்ற சிறுவர் படப்புத்தகங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாலினச் சித்திரிப்பை எண்ணிப் பார்க்கும் ஆய்வுகளில் இன்றைக்கும் முன்னோடியாகச் சுட்டப்படுவது அது. 18 புத்தகங்களின் படங்களை எண்ணியபோது ஆண் உருவங்கள் 261, பெண் உருவங்கள் 23. ஏறக்குறைய 11க்கு 1. ஆணா பெண்ணா என்று தெளிவாகத் தெரியும் விலங்குகளை எண்ணினால் 95க்கு 1. விருது தொடங்கிய 1938 முதல் அதை வென்ற புத்தகங்களின் தலைப்பில் யார் இடம்பெறுகிறார்கள் என்று பார்த்தால் 8க்கு 3. ஒரே கட்டுரை, ஒரே வகைப் புத்தகங்கள், மூன்று வெவ்வேறு விகிதங்கள்.

இவற்றில் எது உண்மை என்று கேட்பதில் பொருளில்லை. மூன்றும் உண்மை. எண்ணப்பட்ட பொருள் மாறியிருக்கிறது. தலைப்பை எண்ணினால் ஒரு புத்தகத்துக்கு ஒரு பதிவு கிடைக்கும். உருவங்களை எண்ணினால் ஒரு பக்கத்துக்கே ஐந்தாறு கிடைக்கும். 'இந்தப் பாடநூலில் பெண்கள் 40 சதவீதம்' என்று யாராவது எழுதினால், நாம் உடனே கேட்க வேண்டியது 'எதில் 40 சதவீதம்?' என்பதைத்தான். பெயர்களிலா, பாத்திரங்களிலா, படங்களிலா, செயல்களிலா? இதற்குப் பதில் சொல்லாத சதவீதத்தை வேறொரு ஆய்வின் சதவீதத்தோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் செய்திகளிலும் கருத்தரங்குகளிலும் நாள்தோறும் நடப்பது அந்த ஒப்பீடுதான்.

நூலில் என்ன இருக்கிறது என்பதை விதிப்படி எண்ணி ஆராயும் உள்ளடக்கப் பகுப்பாய்வில், எண்ணப்படும் பொருளைப் 'பகுப்பாய்வு அலகு' என்பார்கள். அலகைத் தேர்ந்த பிறகு ஒவ்வொரு அலகையும் எந்த வகையில் சேர்ப்பது என்று முன்கூட்டியே எழுதிவைப்பவை குறியீட்டு விதிகள். பாடநூல் ஆய்வுகள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இரண்டில்தான். கணக்குப் போடுவதில் தவறுபவர்கள் குறைவு.

மூன்று அலகுகள், மூன்று வேலைகள்

இத்துறையின் முதன்மையான முறையியலாளர் கிளாஸ் கிரிப்பென்டார்ஃப் மூன்று வகை அலகுகளைப் பிரித்துக் காட்டுகிறார். முதலாவது மாதிரி அலகு: எதை எடுத்து ஆராயப்போகிறோம் என்பது. பாடநூல் ஆய்வில் இது ஒரு நூலாகவோ ஒரு பாடமாகவோ இருக்கும். இரண்டாவது பதிவு அலகு: அட்டவணையில் ஒரு வரிசையாக இடம்பெறப்போவது எது என்பது. பாத்திரம், படம், வாக்கியம், பெயர்ச்சொல் என எதுவாகவும் இருக்கலாம். மூன்றாவது சூழல் அலகு: அந்தப் பதிவைப் பற்றி முடிவெடுக்க, விதிப்படி எண்ணிப் பதியும் குறியீட்டாளர் நூலில் எவ்வளவு தூரம் தேடிப் பார்க்கலாம் என்பது.

மூன்றாவதைப் பலர் எழுதிவைப்பதே இல்லை. பாடத்தின் முதல் பக்கத்தில் 'மருத்துவர் வந்தார்' என்று வருகிறது, நான்காம் பக்கத்தில் அவர் பெயர் கயல்விழி என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். சூழல் அலகு பத்தி என்றால் முதல் பக்க மருத்துவரின் பால் தெரியவில்லை. சூழல் அலகு பாடம் என்றால் அவர் பெண். இதைத் தீர்மானிக்காமல் இரண்டு பேர் எண்ணத் தொடங்கினால் ஒருவர் பெண் என்று எழுதுவார், மற்றவர் தெரியவில்லை என்று எழுதுவார். இருவரும் கவனமாகத்தான் வேலை செய்திருப்பார்கள்.

ஒரே பத்தி, நான்கு விடைகள்

விளக்கத்துக்காக நானே எழுதிய ஒரு சிறு பாடப்பகுதியை எடுத்துக்கொள்வோம். இது எந்த நூலிலும் உள்ளதல்ல. ஆனால் தொடக்க வகுப்பு அறிவியல் பாடங்களைப் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானதாகவே இருக்கும்.

> கதிரும் மலரும் மழைமானி செய்ய விரும்பினார்கள். 'மழையை எப்படி அளப்பது, அப்பா?' என்று கதிர் கேட்டான். அப்பா ஒரு புட்டியை வெட்டி, அளவுக்கோடுகள் போடக் கற்றுக்கொடுத்தார். கதிர் கோடுகளைப் போட்டான். மலர் புட்டியைப் பிடித்துக்கொண்டாள். அம்மா சிந்திய தண்ணீரைத் துடைத்தார். மறுநாள் வகுப்புக்கு ஒரு வானிலை ஆய்வாளர் வந்தார். கதிர் அவரிடம் குறிப்பேட்டைக் காட்டினான். அவர் கதிரைப் பாராட்டினார். மாணவர்கள் கைதட்டினார்கள்.

முதலில் பாத்திரத்தை அலகாக வைப்போம். கதிர், மலர், அப்பா, அம்மா, ஆய்வாளர் என ஐந்து தனிப் பாத்திரங்கள். மாணவர்கள் ஒரு கூட்டம். ஆண்கள் இருவர், பெண்கள் இருவர், ஆய்வாளரின் பால் உரையில் தெரியவில்லை. பால் தெரிந்தவர்களில் பெண்கள் 50 சதவீதம். முழுச் சமநிலை.

இனி, குறிப்பிடப்படும் ஒவ்வொரு தடவையையும் ஓர் அலகாக வைப்போம். பெயர், உறவுச்சொல், சுட்டுப்பெயர் எது வந்தாலும் ஒரு பதிவு. கதிர் ஐந்து தடவை, அப்பா இரண்டு தடவை. ஆக ஆண் 7. மலர் இரண்டு, அம்மா ஒன்று. ஆக பெண் 3. ஆய்வாளர் மூன்று தடவை வருகிறார், பால் தெரியாமலே. பெண்களின் பங்கு பத்தில் மூன்று, 30 சதவீதம்.

செயலை அலகாக வைத்தால்? வாக்கியத்தின் முற்றுவினை ஒவ்வொன்றையும் செய்தவரின் கணக்கில் எழுதுகிறோம். முதல் வாக்கியத்தில் இருவரும் சேர்ந்து விரும்புவதால் ஆளுக்கு ஒன்று. ஆண் செயல்கள் 5, பெண் செயல்கள் 3, ஆய்வாளருடையவை 2. பால் தெரிந்த எட்டுச் செயல்களில் பெண் பங்கு 37.5 சதவீதம்.

கடைசியாக, அந்தச் செயல்கள் எப்படிப்பட்டவை என்று பார்ப்போம். கேட்டது, கற்றுக்கொடுத்தது, அளவுக்கோடு போட்டது, குறிப்பேட்டைக் காட்டியது ஆகிய நான்கும் அறிவோடு தொடர்புள்ளவை. நான்கும் ஆண்களுடையவை. மலரும் அம்மாவும் செய்தவை பிடித்துக்கொண்டதும் துடைத்ததும். அறிவுச் செயலில் பெண் பங்கு பூஜ்யம்.

50, 37.5, 30, 0. பத்து வாக்கியங்கள்தான். பாடநூல் குழு ஒன்று 'எங்கள் நூலில் ஆணும் பெண்ணும் சமம்' என்று சொல்லலாம், அதில் பொய் இருக்காது. ஆய்வாளர் ஒருவர் 'பெண்கள் அறிவுச் செயலில் இல்லவே இல்லை' என்று சொல்லலாம், அதிலும் பொய் இருக்காது. இந்த இருவரும் மேடையில் எத்தனை மணி நேரம் வாதிட்டாலும் தீராது, ஏனென்றால் இருவரும் பேசுவது வெவ்வேறு அலகுகளைப் பற்றி.

எந்த அலகைத் தேர்வது என்பதை ஆய்வின் கேள்விதான் முடிவு செய்ய வேண்டும். பெண்கள் கண்ணில் படுகிறார்களா என்பது கேள்வியென்றால் பாத்திரமும் படமும் போதும். யார் எதைச் செய்கிறார்கள் என்பது கேள்வியென்றால் செயலை எண்ணாமல் பதில் கிடைக்காது. கதையின் மையத்தில் யார் என்பது கேள்வியென்றால் கதை முழுவதும் ஓர் அலகு. 1972இலேயே வெளிவந்த இன்னொரு புகழ்பெற்ற ஆய்வு இப்படித்தான் 134 வாசிப்பு நூல்களில் 2,760 கதைகளை எண்ணியது; சிறுவனை மையமாகக் கொண்ட கதைகள் ஐந்துக்குச் சிறுமியை மையமாகக் கொண்டவை இரண்டே என்று கண்டது. அந்த 5க்கு 2 என்பது கதைகளின் விகிதம். அதைப் 'பாத்திரங்களில் பெண்கள் 29 சதவீதம்' என்று மாற்றி எழுதினால் அது தவறு.

என் பரிந்துரை, பாத்திரத்தை அடிப்படை அலகாக வைத்து, செயல்களை அதனோடு இணைந்த இரண்டாவது அட்டவணையில் எழுதுவது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் கரோல் புரூஜேயும் சில்வி குரோமரும் உருவாக்கி, யுனெஸ்கோ 2009இல் வழிகாட்டியாக வெளியிட்ட முறையும் பாத்திரத்தையே மையமாக வைக்கிறது. ஒரு பாத்திரத்துக்கு ஓர் எண். அந்த எண்ணின் கீழ் பால், வயது, எப்படி அழைக்கப்படுகிறார், என்ன செய்கிறார், எங்கே இருக்கிறார், யாரோடு உறவாடுகிறார். இப்படி எழுதினால் மேலே சொன்ன விடைகளில் பெரும்பாலானவற்றை ஒரே தரவிலிருந்து எடுக்கலாம். வெறும் பெயர்ச்சொற்களை எண்ணித் தொடங்கியவர் பிறகு பாத்திரக் கணக்குக்கு வரவே முடியாது, மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாத்திரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கும் விதி வேண்டும். கதைப் பாடத்தில் கதிர் எத்தனை பக்கம் வந்தாலும் ஒரே பாத்திரம். கணக்குப் புத்தகத்தில் முதல் கணக்கில் பந்து வாங்கும் கதிரும், ஏழாம் கணக்கில் பென்சில் பங்கிடும் கதிரும் ஒரே ஆளா? அங்கே தொடர்ச்சி எதுவும் இல்லை. ஒவ்வொரு கணக்கும் தனி உலகம். ஆகவே கணக்குக்கு ஒரு தடவை எண்ணுவதுதான் சரி. இதன் விளைவாகக் கணக்குப் புத்தகத்திலிருந்து நூற்றுக்கணக்கான பாத்திரங்கள் வரும், மொழிப் புத்தகத்திலிருந்து சில பத்துகளே வரும். இரண்டையும் ஒன்றாகக் கொட்டிச் சதவீதம் எடுத்தால் மொழிப் புத்தகத்தின் குரலே கேட்காது. பாடத்துறைவாரியாகப் பிரித்துத்தான் அறிவிக்க வேண்டும்.

பாலை எப்படித் தீர்மானிப்பது

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விதியே தேவைப்படாத இடம்போலத் தோன்றும். உண்மையில் அதிகச் சண்டை நடப்பது இங்கேதான்.

தமிழ்ப் பாடநூல்களுக்கு நான் முன்வைக்கும் வரிசை இது. முதலில் வினைமுற்றையும் சுட்டுப்பெயரையும் பார்க்க வேண்டும்: கேட்டான், கேட்டாள், அவன், அவள். இவற்றில் ஐயமே இல்லை. அது கிடைக்காவிட்டால் உறவுச்சொல்லும் பால் காட்டும் பெயர்ச்சொல்லும்: அம்மா, மாமா, சிறுமி, ஆசிரியை. அதுவும் இல்லையென்றால் இயற்பெயர். ஆனால் பெயரைக் குறியீட்டாளரின் காதுக்கு விடக் கூடாது. நூலில் வரும் பெயர்களை எல்லாம் முதலில் பட்டியலிட்டு, ஆண், பெண், இரண்டுக்கும் பொது என்று குறித்து, அந்தப் பட்டியலைக் குறியீட்டு விதிகளின் கையேட்டோடு இணைத்துவிட வேண்டும். இந்த மூன்றாலும் முடியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுத வேண்டும். தொழிலை வைத்தோ குணத்தை வைத்தோ பாலை ஊகிப்பதற்கு எந்தச் சூழலிலும் இடமில்லை. வானிலை ஆய்வாளர் என்றால் ஆணாகத்தான் இருப்பார் என்று குறியீட்டாளர் எழுதிவிட்டால், எந்த முன்முடிவை அளக்க வந்தோமோ அதையே தரவுக்குள் நாம் சேர்த்துவிடுகிறோம்.

தமிழில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வயது வந்தவர்களுக்குப் பாடநூல்கள் பெரும்பாலும் 'வந்தார், சொன்னார், அவர்' என்று மரியாதை விகுதியைப் பயன்படுத்துகின்றன. அது பாலைக் காட்டாது. குழந்தைகளுக்கோ 'வந்தான், வந்தாள்' என்று வரும். ஆகவே 'தெரியவில்லை' என்ற வகை நூல் முழுவதும் சீராகப் பரவுவதில்லை. பெரியவர்களிடம், அதிலும் தொழில் பெயரால் மட்டும் சுட்டப்படுபவர்களிடம் குவிகிறது. அதிகாரி, மருத்துவர், விஞ்ஞானி, ஓட்டுநர் எல்லோரும் அங்கே போய்ச் சேர்கிறார்கள். இந்த வகையைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுச் சதவீதம் எடுத்தால், மிஞ்சுகிற பெரியவர்களில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டிதான் நிறைந்திருப்பார்கள். உறவுப் பெயர்கள் இணையிணையாக வருவதால் சமநிலை இருப்பதுபோன்ற தோற்றம் உண்டாகும். எனவே பால் தெரிந்தவர்களில் இத்தனை சதவீதம் என்றும், எல்லாரிலும் இத்தனை சதவீதம் என்றும் இரண்டையும் எழுத வேண்டும். 'தெரியவில்லை' எவ்வளவு என்பதும், அது எந்த வயதுப் பிரிவில் குவிந்திருக்கிறது என்பதும் தனியே சொல்லப்பட வேண்டும்.

இன்னொன்று, தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். 'வீட்டுக்கு ஓடினாள். கதவைத் திறந்தாள்.' இதில் பெயரும் இல்லை, சுட்டும் இல்லை. 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு 34 நாடுகளின் 1,255 பாடநூல்களைக் கணினியால் அலசி, ஆணைக் குறிக்கும் சொற்கள் பெண்ணைக் குறிப்பவற்றைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று கண்டது. ஆங்கில நூல்களில் சொற்பட்டியலை வைத்து அப்படி எண்ணுவது ஓரளவு செல்லும். தமிழில் அதே போலப் பெயர்ச்சொல் பட்டியலை மட்டும் வைத்து எண்ணினால் 'ஓடினாள்', 'திறந்தாள்' இரண்டும் தவறிப்போகும். வினைமுற்று விகுதிகளையும் எண்ணும்படி அலகை வரையறுத்தால்தான் கணக்கு நிற்கும்.

படங்களுக்கு வேறு விதி. மேலே பார்த்த பாடத்தில் ஓவியர் வானிலை ஆய்வாளரை மீசையோடு வரைந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உரையில் தெரியாத பால் படத்தில் தெரிந்துவிட்டது. படத்தை வைத்து உரையின் வெற்றிடத்தை நிரப்பினால் ஆண்கள் மூவர், பெண்கள் இருவர் என்று ஆகி, 50 சதவீதம் 40 ஆகிறது. நிரப்பலாமா? கூடாது என்பேன். உரையையும் படத்தையும் தனித்தனியாகக் குறியிட்டு, 'உரையில் பால் இல்லை, படத்தில் ஆண்' என்று இணைப்பு நெடுவரிசை ஒன்றில் எழுத வேண்டும். அந்த நெடுவரிசையே ஒரு கண்டுபிடிப்பு. எழுத்தாளர் திறந்துவிட்ட இடத்தை ஓவியர் எத்தனை தடவை ஆணால் நிரப்பியிருக்கிறார் என்பது, திருத்தம் செய்யப்போகும் குழுவுக்கு மிகவும் பயன்படும் எண். நிரப்பிவிட்டால் அது என்றைக்கும் கிடைக்காது.

படத்தில் பாலை முடிவு செய்ய, உடை, தலைமுடி, முகமயிர், அணிகலன் போன்ற குறிப்புகளில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும் என்று வைப்பது நல்லது. நாம் இங்கே மனிதர்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை, ஓவியர் எந்தக் குறிப்புகளால் ஆண் என்றோ பெண் என்றோ காட்ட முனைந்தார் என்பதைப் பதிகிறோம். கூட்டமான படங்களில், முகம் தெரிந்து தனித்துப் பிரித்தறியக்கூடியவர்களை மட்டும் பாத்திரமாக எழுதிவிட்டு, மற்றவர்களைக் 'கூட்டம்' என்ற ஒரே பதிவாக எழுதலாம். விளையாட்டுத் திடலில் நிற்கும் அறுபது தலைகளை எண்ணினால் அந்த ஒரு படமே நூல் முழுவதையும் விழுங்கிவிடும்.

விலங்குகள் பேசினாலோ பெயர் பெற்றிருந்தாலோ பாத்திரம், இல்லாவிட்டால் இல்லை. அவற்றைத் தனி அடையாளத்தோடு வைக்க வேண்டும். வைட்ஸ்மன் குழுவின் 95க்கு 1 நினைவில் இருந்தால் ஏன் என்று விளங்கும். வரலாற்று மனிதர்களுக்கும் தனி அடையாளம் வேண்டும், ஏனென்றால் கற்பனைப் பாத்திரத்தின் பாலை நூலாசிரியர் தம் விருப்பப்படி அமைக்கலாம், அரசர் வரிசையை மாற்ற முடியாது. அங்கே அவர் செய்வது தேர்வு மட்டுமே.

90 சதவீத உடன்பாடு ஏன் போதாது

விதிகளை எழுதி முடித்ததும் இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல், ஒரே பாடங்களைக் குறியிட வேண்டும். இங்கே ஒத்துப்போகாத விதி நூல் முழுவதற்கும் ஒத்துவராது.

கணக்கிட்டே பார்ப்போம். இதுவும் விளக்கத்துக்கான கற்பனை எண்கள்தான். 100 பெண் பாத்திரங்கள். கேள்வி: 'இவருக்குத் தொழில் காட்டப்பட்டிருக்கிறதா?' இருவரும் 'ஆம்' என்றது 4. இருவரும் 'இல்லை' என்றது 86. முதலாமவர் மட்டும் ஆம் என்றது 5, இரண்டாமவர் மட்டும் ஆம் என்றது 5. ஆக 100க்கு 90இல் உடன்பாடு. அறிக்கையில் '90 சதவீத நம்பகம்' என்று எழுதிவிடத் தோன்றும்.

கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். இருவரில் ஒருவராவது தொழில் உண்டு என்று சொன்ன பாத்திரங்கள் 14. அவற்றில் இருவரும் ஒத்துப்போனது நான்கில்தான். நாம் அளக்க வந்தது தொழில் செய்யும் பெண்களை. அந்த இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான உடன்பாடுதான் இருக்கிறது. 90 என்ற எண்ணை உயர்த்திப் பிடித்தது, எல்லோருக்கும் எளிதாகத் தெரிந்த 'இல்லை'கள்.

இதைச் சரியாகக் காட்டும் அளவுதான் 1960இல் ஜேக்கப் கோஹன் முன்வைத்த கப்பா. தற்செயலாகவே எவ்வளவு ஒத்துப்போயிருக்கும் என்பதை அது கழித்துவிடுகிறது. இருவரும் ஒன்பது ஒன்பது தடவை 'ஆம்' என்கிறார்கள். தற்செயல் உடன்பாடு:

```
0.09 × 0.09 + 0.91 × 0.91 = 0.8362
(0.90 − 0.8362) / (1 − 0.8362) ≈ 0.39
```

0.90 எங்கே, 0.39 எங்கே! இரண்டு பேருக்கு மேல் குறியிட்டாலோ சில பதிவுகள் விடுபட்டிருந்தாலோ கிரிப்பென்டார்ஃபின் ஆல்ஃபாவைப் பயன்படுத்துவார்கள். 0.800க்கு மேல் இருந்தால் நம்பலாம், 0.667க்குக் கீழே இருந்தால் தற்காலிக முடிவுக்குக்கூட வரக் கூடாது என்பது அவர் தரும் எல்லை. கப்பாவையும் ஆய்வாளர்கள் ஏறத்தாழ இதே கண்டிப்போடு பார்ப்பதுண்டு. நம் 0.39 இரண்டுக்கும் வெகு கீழே.

எண் குறைந்தால் அடுத்த வேலை, பத்து முரண்பாடுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பது. பெரும்பாலும் அவை ஒரே மூலத்திலிருந்து வரும். இந்த எடுத்துக்காட்டில் ஒரு குறியீட்டாளர் 'செவிலியர்', 'விமானி' என்று தொழிலின் பெயர் இருந்தால்தான் ஆம் என்று எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர் 'வயலில் நாற்று நட்டாள்' என்பதையும் தொழிலாக எடுத்துக்கொண்டு, பெயர் மட்டும் வந்து வேலை எதுவும் காட்டப்படாதவர்களை விட்டுவிட்டார். இருவரில் யாரும் தவறு செய்யவில்லை. 'தொழில்' என்ற ஒரே நெடுவரிசைக்குள் நாம் இரண்டு கேள்விகளைத் திணித்திருக்கிறோம். தொழில் பெயர் தரப்பட்டிருக்கிறதா என்பது ஒன்று, வருமானம் தரக்கூடிய வேலையில் ஈடுபடுவதாகக் காட்டப்படுகிறாரா என்பது மற்றொன்று. பிரித்துவிட வேண்டும். பிரிப்பதால் இன்னொரு நன்மை: ஆண்களுக்குத் தொழில் பெயரும், பெண்களுக்குப் பெயரில்லாத உழைப்பும் தரப்படுகிறதா என்று பார்க்க முடியும். பல பாடநூல்களில் சார்பு ஒளிந்திருக்கும் இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

விதியைத் திருத்திய பிறகு, அதே பக்கங்களில் மறுபடி சோதிக்கக் கூடாது. அந்தப் பக்கங்களை இருவரும் பேசித் தீர்த்திருப்பார்கள். உடன்பாடு தானாகவே உயரும். புதிய பாடங்களில் சோதிக்க வேண்டும். அறிக்கையில் எழுத வேண்டியது பேசுவதற்கு முந்தைய எண்ணை. கலந்து பேசி முடிவுக்கு வந்தபின் 'முழு உடன்பாடு எட்டப்பட்டது' என்று எழுதுவதால் வாசகருக்கு எதுவும் தெரியவராது.

இதற்கும் முந்தைய ஒரு சோதனையைச் சொல்லியாக வேண்டும். இருவரும் ஒரே எண்ணிக்கையில் பாத்திரங்களைக் கண்டார்களா? ஒருவர் ஒரு பாடத்தில் 23 பேரையும் மற்றவர் 29 பேரையும் எழுதியிருந்தால், பொதுவாக உள்ளவர்களை மட்டும் வைத்துக் கப்பா போட்டு ஆறு பேரை மறைத்துவிட முடியும். அந்த ஆறு பேர் பெரும்பாலும் பேசாத, பெயரில்லாத, ஓரத்தில் நிற்கும் பாத்திரங்களாக இருப்பார்கள். அவர்களைத்தான் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

செயல்களை வகைப்படுத்தும்போது இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 1952இல் பெர்னார்ட் பெரல்சன் உள்ளடக்கப் பகுப்பாய்வை, வெளிப்படையாகத் தெரியும் உள்ளடக்கத்தைப் புறவயமாகவும் முறையாகவும் எண்ணளவிலும் விவரிப்பது என்று வரையறுத்தார். பாடநூல் ஆய்வுகளோ 'செயலூக்கமானவர்', 'அடங்கியவர்' போன்ற வகைகளை விரும்புகின்றன. 'மலர் புட்டியைப் பிடித்துக்கொண்டாள்' என்பது அடங்கியதா, ஒத்துழைப்பா? கேள்வியை இப்படி மாற்றினால் தகராறு தீரும்: அந்தச் செயல் வேறொருவர் தொடங்கிய வேலைக்குத் துணையாக உரையில் வருகிறதா? ஆம். கருவியை இயக்குகிறாரா, அளக்கிறாரா, வினவுகிறாரா, விளக்குகிறாரா? இல்லை. குணத்துக்குப் பெயர் சூட்டுவதைக் குறியீட்டாளரிடமிருந்து எடுத்துவிட்டு, பக்கத்தில் விரலை வைத்துக் காட்டக்கூடியதை மட்டும் கேட்க வேண்டும். துணைச் செயல்கள் யாரிடம் குவிகின்றன என்பதைப் பிறகு அட்டவணை காட்டும்.

ஒரு பாடம் என்பது எத்தனை சான்று

எண்ணி முடித்ததும் பலர் பாத்திரங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஆண் பெண் வேறுபாடு தற்செயலானதா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை போட்டுவிடுகிறார்கள். 600 பாத்திரங்கள் இருந்தால் 600 தனித்தனிச் சான்றுகள் என்று அந்தச் சோதனை எடுத்துக்கொள்ளும். ஆனால் கதிரும் மலரும் தனித்தனியாக நூலுக்குள் வந்தவர்கள் அல்லர். ஒரு நூலாசிரியர் ஒரே தாளில் ஒரே மனநிலையில் எழுதியவர்கள். போர் பற்றிய பாடத்தில் ஆண்கள் கொத்தாக வருவார்கள், குடும்பம் பற்றிய பாடத்தில் இணையாக வருவார்கள். 60 பாடங்களிலிருந்து 600 பாத்திரங்கள் என்றால் சான்றின் கனம் 60க்கு அருகில் இருக்குமே தவிர 600க்கு அருகில் இராது. எளிய வழி, ஒவ்வொரு பாடத்துக்கும் பெண் பங்கைத் தனியே கணக்கிட்டு, அவற்றின் சராசரியையும் பரவலையும் காட்டுவது. பெண்ணே இல்லாத பாடங்கள் எத்தனை என்ற ஓர் எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம். எந்தச் சோதனையும் இல்லாமலே அது நிறையப் பேசும்.

இவ்வளவும் செய்தாலும் கிடைப்பது பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான். வகுப்பில் ஆசிரியர் அதை எப்படி நடத்தினார், குழந்தை அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதற்கு வேறு ஆய்வு வேண்டும்.

நூல் திருத்தப்பட்ட பிறகு பழைய பதிப்பையும் புதியதையும் ஒப்பிடும் ஆய்வுகளுக்குத்தான் இப்போது அதிகத் தேவை இருக்கிறது. அங்கே ஓர் ஆபத்து. பழைய பதிப்பை ஒரு குழு முன்பு குறியிட்ட தரவு கைவசம் இருக்கும். புதியதை மட்டும் இப்போது குறியிட்டு, இரண்டு எண்களையும் அருகருகே வைத்துவிடுவார்கள். இடையில் குறியீட்டாளர்கள் மாறியிருப்பார்கள், விதிகளைப் புரிந்துகொண்ட விதமும் நகர்ந்திருக்கும். அந்த நகர்வு, நூலில் ஏற்பட்ட மாற்றம்போலத் தோன்றும். இரண்டு பதிப்புகளின் பாடங்களையும் கலந்து, எந்தப் பதிப்பு என்பதை மறைத்து, ஒரே கையேட்டோடு ஒரே காலத்தில் குறியிட வேண்டும். பழைய பக்கங்கள் சிலவற்றை இறுதியில் மறுபடி ஒருமுறை குறியிடச் செய்தால், குறியீட்டாளரே வழியில் எவ்வளவு நகர்ந்தார் என்பதும் தெரிந்துவிடும்.

முடிவை எழுதும்போது பாத்திரப் பங்கையும் செயல் வகைப் பங்கையும் ஒன்றையொன்று அடுத்தே தர வேண்டும். மழைமானிப் பாடத்தைத் திருத்தச் சொன்னால், படத்தின் ஓரத்தில் இரண்டு சிறுமிகளை வரைந்து சேர்ப்பது சுலபம். படத்தில் பெண் பங்கு உடனே உயரும். அளவுக்கோடு போடுவது அப்போதும் கதிராகவே இருந்தால், அறிவுச் செயல்களின் வரிசையில் பூஜ்யம் அப்படியே நிற்கும்.